பார்க்காத இடத்தையும் எழுதணும்: ஒரு தடிப்பு, ஒரு எக்ஸ்ரே, ஒரு வாட்ஸ்அப் செய்தி

கீழே இருப்பது, கிராம சுகாதாரச் செவிலியரான நான் ஒரு மார்கழி மாதச் சாயங்காலம் தண்டையார்பேட்டைப் பக்கம் இருக்கும் நெஞ்சுநோய் மருத்துவர் ஒருவருக்கு அனுப்பிய செய்தி. நோயாளியிடமும் அவர் மனைவியிடமும் கேட்டுக்கொண்டுதான் இங்கே போடுகிறேன். அடையாளம் காட்டும் விஷயங்களை எடுத்துவிட்டேன், எழுத்துப்பிழைகளைத் திருத்தியிருக்கிறேன், மற்றபடி அப்படியே.

"வணக்கம் சார், மீஞ்சூர் வட்டாரம் வி.எச்.என். 108-க்குச் சொல்லிவிட்டேன். எங்கே கொண்டுவருவது, வரும் முன் ஏதாவது மருந்து தொடங்கலாமா என்று தெரிய வேண்டும். எங்கள் பி.எச்.சி. மேடமும் லைனில் இருக்கிறார்.

ஆண், 41 வயது. காலி மனைகளில் சீமைக்கருவேலம் வெட்டும் வேலை. காய்ச்சல் இன்று 8ஆம் நாள், ஒருநாளும் முழுதாக விடவில்லை. தலைவலி, உடம்புவலி. 3 நாளாக வறட்டு இருமல். நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது.

மாலை 4.40: காய்ச்சல் 102.4, நாடி 118, பி.பி. 100/60, மூச்சு 32 (முழு நிமிடம் எண்ணியது), ஆக்சிஜன் 91 (வெறும் காற்றில், உட்கார்ந்து). நினைவு தெளிவு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியவில்லை. காலையிலிருந்து சிறுநீர் ஒருமுறை.

தோல்: 5ஆம் நாள் வயிற்றில் ஆரம்பித்து மார்பு, முதுகு, மேல்கை. தட்டையாகவும் லேசாக மேடாகவும் இருக்கிறது. நீர் கோத்தது ஒன்றுகூட இல்லை. அரிப்பு இல்லை. கண்ணாடி டம்ளர் வைத்து அழுத்தினால் மறைகிறது. உள்ளங்கை, வாய் சுத்தம். இடது இடுப்பில் அரைஞாண் கயிற்றுக்கு அடியில் கறுப்புப் பொருக்கு ஒன்று, சுற்றிலும் சிவப்பு, வலி இல்லை. அதே பக்கம் தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.

எக்ஸ்ரே: நேற்று, நின்றபடி எடுத்தது. இரண்டு பக்கமும் கீழ்ப்பாதியில் திட்டுத்திட்டாக வெள்ளை. மேல்பாகம் தெளிவு. கீழ் மூலைகள் இரண்டும் கூராகத் தெரிகின்றன. ரிப்போர்ட்டில் 'கோக்ஸ்?' என்று இருக்கிறது. போன வருட எக்ஸ்ரேவும் அனுப்பியிருக்கிறேன்.

எடுத்த மருந்து: பாரசிட்டமால், செஃப்ட்ரியாக்சோன் ஊசி 3 நாள். பலன் இல்லை. சர்க்கரை, பழைய டி.பி., மருந்து அலர்ஜி இல்லை. கண் மஞ்சள் இல்லை, ரத்தக் கசிவு இல்லை.

பார்க்காத இடம்: இல்லை. ரத்தப் பரிசோதனை எதுவும் ஆகவில்லை."

இதோடு ஆறு படங்கள் போயின. மருத்துவர் பதில் எழுதவில்லை, நேராகக் கூப்பிட்டார். அவர் என்ன சொன்னார் என்பதற்கு முன், இந்தச் செய்தியில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தங்கைகள் கேட்பதெல்லாம் அதைத்தான்.

நான் வேலை பார்க்கும் இடத்தைச் சென்னைக்காரர்கள் ஊர்ப்புறம் என்பார்கள், திருவள்ளூர்க்காரர்கள் மெட்ராஸ் என்பார்கள். ஒரு பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, இன்னொரு பக்கம் கன்டெய்னர் யார்டு, நடுவே வீட்டுமனைக்காகச் சீமைக்கருவேலம் வெட்டிக்கொண்டே இருக்கும் நிலம். எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதானாலும் கன்டெய்னர் லாரி வரிசையைத் தாண்டிப் போக வேண்டும். கேட் போட்டுவிட்டால் ஆம்புலன்சும் நிற்கத்தான் வேண்டும். அதனால்தான் "வரும் முன் மருந்து தொடங்கலாமா" என்ற கேள்வி முதல் வரியிலேயே இருக்கிறது.

அன்றைக்கு நான் போனபோது வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. அந்த வீட்டு ஆயா என்னைப் பார்த்ததும், "நர்சம்மா, ஆத்தா எறங்கியிருக்கா. ஊசி கீசின்னு ஆரம்பிச்சிடாத" என்றார். மூன்று நாள் ஊசி போட்டதால்தான் ஆத்தாவுக்குக் கோபம் வந்து தடிப்பு கூடிவிட்டது என்பது அவர் கணக்கு. இந்த இடத்தில் வாதாடினால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "ஆயா, ஆத்தாவா இருந்தா முத்து முத்தா நீர் கோத்திருக்குமே, ஒரு முத்தாவது காட்டு, பாப்போம்" என்றேன். ஆயாவும் தேடினார், நானும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. சின்னம்மையில் ஒரே நேரத்தில் சிவப்பும் நீர்முத்தும் காய்ந்த பொருக்கும் கலந்து கிடக்கும், அரிப்பும் இருக்கும். இவர் உடம்பில் எல்லாமே ஒரே தினுசு. ஆயாவுக்கே அது புரிந்தது. "அப்போ இன்னாது இது?" என்றார். அதற்குப் பிறகு தொட்டுப் பார்க்க எனக்குத் தடை இல்லை.

முதலில் எண்கள். படம் எடுக்கும் ஆசையில் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். ஆனால் ஆளை அனுப்ப வேண்டுமா, எவ்வளவு அவசரம் என்பதையெல்லாம் எண்கள்தான் முடிவு செய்யும், தடிப்பின் படம் அல்ல. மூச்சு 32, ஆக்சிஜன் 91 என்றால் தோலில் என்ன இருந்தாலும் 108 வந்தாக வேண்டும். அதனால் டாக்டர் பதிலுக்குக் காத்திராமல் முதலில் 108-க்குப் பேசினேன்.

மூச்சு எண்ணுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. "மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் யாரும் இயல்பாக விட மாட்டார்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை வயிற்றில் வைத்து, முழு நிமிடம் எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒரு மூச்சு தவறினாலும் கணக்கில் நாலு தவறிப்போகும். ஆக்சிஜன் கருவிக்கு விரல் சூடாக இருக்க வேண்டும், நகத்தில் மருதாணியோ பாலிஷோ இருக்கக் கூடாது, மாட்டியதும் காட்டும் எண்ணை எழுதாமல் அது ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். கறுத்த தோலில் அந்தக் கருவி உண்மையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டக்கூடும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதனால் 93, 94 என்று காட்டினால்கூட, ஆள் மூச்சுவாங்கப் பேசினால், நான் அந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அடுத்தது தோல். எங்கள் ஊர் நிறத்தில் தடிப்பு சிவப்பாக இருக்காது. பழுப்பாகவோ கருநீலம் கலந்தோ தெரியும், சிலருக்குக் கண்ணுக்கே தெரியாது, விரலால் தடவினால்தான் சொரசொரப்பு புலப்படும். டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அது சுத்தமாகக் காணாமல் போய்விடும். ஃபிளாஷ் போட்டால் தோல் எண்ணெய்ப்பசையில் பளபளத்து இன்னும் மோசம். இவரை வாசற்படிக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் முக்காலியில் உட்கார வைத்தேன். பின்னால் வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், போன் நிறத்தைத் தன் இஷ்டத்துக்கு மாற்றாமல் இருக்கும். ஒரு படம் கை நீட்டும் தூரத்திலிருந்து, தடிப்பு எங்கெங்கே இருக்கிறது என்று காட்ட. இன்னொன்று ஒரு சாண் தூரத்திலிருந்து, பக்கத்தில் பத்து ரூபாய் நாணயம் வைத்து, அளவு தெரிய. ஜூம் செய்வதற்குப் பதில் போனையே பக்கத்தில் கொண்டுபோய், திரையில் தடிப்பின் மேல் ஒருமுறை தட்டினால் தெளிவாகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், போனில் இருக்கும் பியூட்டி மோடு. சில போன்களில் அது வாங்கும்போதே ஆன் ஆகியிருக்கும். மேடு, பள்ளம், புள்ளி எல்லாவற்றையும் வழித்துத் துடைத்து வழுவழுவென்று ஆக்கிவிடும். தடிப்பைப் படம் எடுக்கப் போய்த் தடிப்பையே அழித்து அனுப்பிய கதைகள் எங்கள் மாதாந்திரக் கூட்டத்தில் நிறைய உண்டு. அனுப்பும்போதும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

டம்ளர் சோதனைக்கு வீட்டில் இருக்கும் எந்தக் கண்ணாடி டம்ளரும் போதும். அடிப்பக்கத்தைத் தடிப்பின் மேல் வைத்து அழுத்தி, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். மறைந்தால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றன என்று பொருள். மறையாமல் அப்படியே நின்றால் ரத்தம் தோலுக்குள் கசிந்திருக்கிறது, அது வேறு விதமான அவசரம். அழுத்தியபடியே ஒரு படம் எடுத்துவிடலாம்.

இப்போது கடைசி வரி. "பார்க்காத இடம்" என்று ஒரு வரியை என் செய்திகளில் எப்போதும் வைத்திருப்பேன். பல வருடம் முன்பு பி.எச்.சி.யில் இருந்த ஒரு மேடம் கற்றுக்கொடுத்தது. நான் ஒன்றைப் பற்றி எழுதாவிட்டால், அது இல்லை என்று டாக்டர் நினைப்பார். நான் பார்க்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நோய் தப்பித்துப் போகும். இந்தச் செய்தியை முதலில் தட்டியபோது அந்த வரியில் "இடுப்புக்குக் கீழ்" என்றிருந்தது. காய்ச்சல் எட்டாம் நாள், முள்ளுக்காட்டில் வேலை, தடிப்பு, மூச்சுத்திணறல், இத்தனையும் வைத்துக்கொண்டு அந்த வரியை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை.

ஆனால் நான் பொம்பளை, அவர் ஆம்பளை, ஓர் அறை வீடு, ஆயா எதிரே. அதனால் அவர் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கே பார்க்க வேண்டும் என்று என் உடம்பிலேயே தொட்டுக் காட்டினேன். அக்குள், காதுக்குப் பின்னால், தொப்புள், முழங்காலின் பின்மடிப்பு, தொடையிடுக்கு, விதைப்பைக்குப் பின்னால், துணி இறுக்கிக் கட்டும் இடுப்பு. "கறுப்பா காஞ்சுபோன பொருக்கு ஒண்ணு இருக்கான்னு பாரு. வலிக்காது, அரிக்காது, அவருக்கே தெரியாது." சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு போனவள் கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "அக்கா, கயித்துக்கு அடியில கறுப்பா ஒண்ணு ஒட்டிக்கினு இருக்குது!"

சிகரெட்டால் சுட்ட தழும்பு மாதிரி, சுண்டுவிரல் நக அளவு. நடுவில் கறுப்பு, சுற்றிலும் ஒரு வளையம். கயிறு உரசிய புண் என்று அவர் நினைத்திருக்கிறார், அல்லது நினைக்கவே இல்லை. ஸ்க்ரப் டைபஸ் என்கிற உண்ணிக் காய்ச்சலைப் பரப்புவது புதர்களில் இருக்கும் ஒரு மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு, கண்ணுக்கு எளிதில் தெரியாது. காலில் ஏறி மேலே ஊர்ந்து போகும், துணியோ கயிறோ இறுக்கமாக இருக்கும் இடத்தில் தடுக்கப்பட்டு அங்கேயே கடிக்கும். அதனால்தான் அரைஞாண் கயிறு, பாவாடை நாடா, உள்ளாடையின் எலாஸ்டிக், இந்த இடங்களையெல்லாம் விலக்கிப் பார்க்க வேண்டும். கடித்து 6 முதல் 21 நாளுக்குள் காய்ச்சல் வரும். அவர் அந்த மனையில் வேலை ஆரம்பித்ததும் அந்தக் கணக்குக்குள்தான் வந்தது. இந்தப் பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தால் ஏறக்குறைய முடிவு. இல்லாவிட்டால் அந்த நோய் இல்லை என்று ஆகாது.

படத்துக்கு அவர் மனைவியே வெள்ளைத் துணியில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் விட்டு மற்றதெல்லாம் மூடினாள். முகம், வேறு எந்த அடையாளமும் வரவில்லை. அவரிடம் கேட்டு, எடுத்து, அனுப்பி, அவர் கண்முன்னாலேயே என் போனில் இருந்து அழித்தேன். இதைப் பார்த்தால்தான் அடுத்த தடவை அடுத்த வீட்டில் விடுவார்கள்.

அடுத்தது எக்ஸ்ரே. ஃபிலிமைக் கையில் பிடித்து டியூப்லைட்டுக்கு நேராகக் காட்டிப் படம் எடுப்பதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். குழாயின் வெளிச்சம் நடுவில் ஒரு பட்டையாக விழும், ஓரம் இருண்டுவிடும், பிடித்திருக்கும் விரலின் நிழல் நுரையீரலில் ஏதோ இருப்பதுபோல் காட்டும். பக்கத்து வீட்டில் கண்ணாடி ஜன்னல் இருந்தது. மேகமூட்டம் அன்றைக்கு நமக்கு வசதி, வானம் ஒரே சீராக வெள்ளை. ஃபிலிமின் நான்கு மூலையையும் டேப் ஒட்டி ஜன்னலில் நிறுத்தி, அறையின் விளக்கை அணைத்து, ஃபிளாஷை அணைத்து, ஃபிலிமுக்கு நேர் எதிரே நின்று எடுத்தேன். சாய்ந்து நின்றால் நெஞ்சு ஒரு பக்கம் பெருத்துத் தெரியும். ஜன்னல் இல்லாத வீட்டில் கம்ப்யூட்டர் திரையை முழு வெள்ளையாக வைத்து அதன் மேல் பிடிக்கலாம். பேர் அச்சடித்திருக்கும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம், ஆனால் தேதியும் வலது, இடது என்று காட்டும் எழுத்தும் மறையக் கூடாது. அந்த எழுத்து தலைகீழாகவோ கண்ணாடியில் பார்ப்பதுபோலவோ தெரிந்தால் ஃபிலிம் திரும்பியிருக்கிறது, சரி செய்துவிட்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இதயம் வலப்பக்கம் இருப்பதாக டாக்டர் ஒரு நிமிடம் திகைப்பார்.

நாலு ஓரமும் படத்துக்குள் வர வேண்டும். குறிப்பாகக் கீழ் மூலைகள், விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் இடம். போனில் எடுக்கும்போது அதுதான் முதலில் வெட்டுப்படும். அன்றைக்கு எல்லாமே அந்த மூலைகளில்தான் இருந்தது, இதோ வருகிறேன்.

போன வருட எக்ஸ்ரே கிடைத்தது ஒரு அதிர்ஷ்டம். வேறொரு கான்ட்ராக்டரிடம் சேரும்போது மெடிக்கலுக்காக எடுத்த ஃபிலிம், பீரோவின் மேல் புடவைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. "பழைய எக்ஸ்ரே இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள். "வேலைக்குச் சேரும்போது நெஞ்சுல படம் எடுத்தாங்களா?" என்று கேட்டால் பீரோ திறக்கும்.

டாக்டர் கூப்பிட்டதும் முதலில் கேட்டது, "சிஸ்டர், அந்தப் பொருக்கு நிஜமாவே வலிக்கலையா?" வலிக்கவில்லை என்றேன். "கெண்டைக்கால் அமுக்கினா கத்துறாரா? கண்ணு சிவந்திருக்கா?" இரண்டும் இல்லை. எலிக்காய்ச்சலை மனதில் வைத்துக் கேட்டார், மழைத்தண்ணி வடியாத ஊர் இது. பிறகு அவர் யோசித்ததையெல்லாம் எனக்கும் பி.எச்.சி. மேடத்துக்கும் கேட்கும்படி வாய்விட்டுச் சொன்னார்.

'கோக்ஸ்?' என்று, அதாவது டி.பி.யோ என்று, ரிப்போர்ட் சந்தேகப்பட்டதை அவர் ஏற்கவில்லை. டி.பி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மேல்பாகத்தில் ஆரம்பிக்கும், வாரக்கணக்கில் இழுக்கும், எடை குறையும். இது எட்டு நாள், இரண்டு கீழ்ப்பக்கமும் ஒரே மாதிரி, போன வருட ஃபிலிம் சுத்தம். "சளி டெஸ்ட் ஆஸ்பத்திரியில எடுத்துக்கலாம், அதுக்காக இன்னைக்கு ராத்திரியைக் கெடுக்க வேணாம்" என்றார்.

டெங்குவைத்தான் அவர் அதிகம் எடைபோட்டார். காய்ச்சல், உடம்புவலி, தடிப்பு, சீசன் எல்லாம் பொருந்துகிறது. ஆனால் டெங்குவில் ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர் நுரையீரலைச் சுற்றித் தேங்கும். எக்ஸ்ரேயில் கீழ் மூலை மழுங்கிவிடும், பெரும்பாலும் வலது பக்கம் முதலில். அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில், நாலாம் ஐந்தாம் நாளை ஒட்டி. இவருக்கு எட்டாம் நாளிலும் 102, மூலை இரண்டும் கூர். நீர் வெளியே தேங்கவில்லை, நோய் நுரையீரலுக்குள்ளேயே இருக்கிறது. இந்த வித்தியாசம் வெறும் பேர் மாற்றம் இல்லை. டெங்கு என்று நினைத்து பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினால், ஏற்கெனவே ஈரமாகிக்கொண்டிருக்கும் நுரையீரலில் அது போய்ச் சேரும், மூச்சுத்திணறல் கூடும். படத்தில் மூலைகள் வெட்டுப்பட்டிருந்தால் இதைச் சொல்ல அவருக்கு வழியே இருந்திருக்காது.

சாதாரண நிமோனியா என்றால் மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கொஞ்சமாவது அடங்கியிருக்கும். ஸ்க்ரப் டைபஸ் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது, அந்த வகை ஊசிகள் அதைத் தொடாது. முக்கியமாக வேலை செய்வது டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும். "பொருக்கு இருக்கு, நெறி கட்டியிருக்கு, முள்ளுவேலை. டெஸ்ட் ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கிற நோய் இல்லை இது. மேடம், 100 மில்லிகிராம் டாக்ஸி ஒண்ணு இப்பவே கொடுத்துடுங்க. வந்ததும் நாங்க ஊசியா ஆரம்பிச்சுடுறோம்" என்றார்.

மருந்து எழுதுவது என் வேலை இல்லை, பி.எச்.சி. டாக்டரான மேடத்தின் வேலை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலிலும் சுகாதாரப் பணியாளர் வழியாக மருத்துவரிடம் ஆலோசனை கேட்பது ஒரு தனி வகையாகவே இருக்கிறது, மருந்து பற்றிய முடிவு மருத்துவருடையதுதான். அதற்காகத்தான் மேடத்தை முதலிலேயே லைனில் வைத்திருந்தேன். பி.எச்.சி. ஸ்டாக்கில் இருந்த கேப்சூலை ஆள் விட்டு எடுத்துவந்தோம். நிமிர்ந்து உட்கார வைத்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொன்னேன். படுத்துக்கொண்டு கொஞ்சம் தண்ணீரில் விழுங்கினால் தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும் மருந்து அது. ஆயா பால் காய்ச்சிக் கொண்டுவந்தார், வேண்டாம் என்றேன், பாலோடு சேர்ந்தால் மருந்து உள்ளே போவது கொஞ்சம் குறையும். கர்ப்பிணியாக இருந்திருந்தால் டாக்ஸிக்குப் பதில் அசித்ரோமைசின் என்று டாக்டர் சொல்லிவைத்தார், அடுத்த தடவைக்கு.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்தே ஊசியாகப் போட்டார்கள். ஏன் இரண்டும் என்று பின்னால் கேட்டேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று இந்திய மருத்துவமனைகள் பலவற்றில் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது, கடுமையான ஸ்க்ரப் டைபஸில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் சிக்கல்கள் சீக்கிரம் அடங்குகின்றன என்று அதில் தெரிந்தது என்றார். இறப்பில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். இவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. அது மருந்து வேலை செய்வதற்கு மட்டுமல்ல, நோய் இதுதான் என்பதற்கும் ஒரு சாட்சி. 48 மணி நேரத்தில் இறங்காவிட்டால் வேறு எதையோ தவறவிட்டோமா என்று திரும்பத் தேட வேண்டும். ஸ்க்ரப் டைபஸுக்காக ரத்தத்தில் எடுத்த ஐ.ஜி.எம். எலிசா சோதனை பாசிட்டிவ் என்று வந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆயாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை இல்லை. வீடு திரும்பியதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலைக்குத் தண்ணி ஊற்றினார். நான் எதுவும் சொல்லவில்லை. அதனால் ஒரு கெடுதலும் இல்லை, மாத்திரையை முழுசாக முடிக்க வைத்ததும் அவர்தான்.

பாக்கி இருந்தது அந்த மனை. இவரோடு வெட்டிய ஆட்கள் யார் யார் என்று மேஸ்திரியிடம் கேட்டு, ஒவ்வொரு வீடாகப் போனோம். முழுக்கால் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்வது, வேலை முடிந்ததும் அங்கேயே உட்காராமல் வந்து குளிப்பது, போட்ட துணியைத் துவைக்காமல் மறுநாள் போடாமல் இருப்பது என்று சொன்னோம். சாக்ஸ் என்றதும் சிரித்தார்கள், அந்த வெயிலில் அது நடக்காது என்று எனக்கும் தெரியும். வெட்டிப் போட்ட குவியல் மேல் உட்கார்ந்து சோறு சாப்பிடுவதை மட்டுமாவது நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஒன்றில் இருபத்தி நாலு வயசுப் பையன் நாலாம் நாள் காய்ச்சலோடு படுத்திருந்தான். அவனுடைய அண்ணனே அவன் உடம்பு முழுக்கத் தேடினான், பொருக்கு எங்கேயும் இல்லை, தடிப்பும் இல்லை. டாக்டருக்கு இப்படி அனுப்பினேன்:

"அதே மனை, அதே வேலை. ஆண், 24. காய்ச்சல் 4ஆம் நாள், 101. மூச்சு 18, ஆக்சிஜன் 98, பி.பி. 116/74. தடிப்பு இல்லை, பொருக்கு இல்லை, தேடியாயிற்று. பார்க்காத இடம்: இல்லை. படம் அனுப்ப எதுவும் இல்லை."

பதில் அன்றைக்கே வந்தது: "படம் வேணாம் சிஸ்டர். டெங்குவுக்கும் சேர்த்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, ஆனா ரிசல்ட்டுக்குக் காத்திருக்காம டாக்ஸி ஆரம்பிக்கலாம்னு மேடம்கிட்ட சொல்றேன். ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கலைன்னா மறுபடி எழுதுங்க."